செக்கின் கடைசி வரியில் ஒரு எட்டு

நயீம் அகமது பாய் அன்றைக்கு டோக்கன் எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி நேராக என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சாதாரணமாக அப்படிச் செய்கிறவர் இல்லை. ஆம்பூர் கிளையில் செக் கிளியரிங்கை நான் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அவரைத் தெரியும். கதவருகே நின்று, நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே வருவார்.

"மேடம், நான் யாருக்கும் ஸ்டாப் போடல. நீங்களே பாருங்க. நான் போடல" என்றார்.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வீட்டில் என்னை 'பட்டாசு ஹெலன்' என்று கூப்பிடுவார்கள். வரிசையில் முன்னால் நின்ற பென்ஷன்காரர் முறைத்துக்கொண்டிருந்தார். "பாய், முதல்ல மூச்சு விடுங்க. யாருக்கு ஸ்டாப்பு, எந்த செக்கு? விஷயத்தை வரிசையா சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னது இதுதான். பாய் தோலுக்கு ஃபினிஷிங் போடுகிற சின்ன யூனிட் நடத்துகிறார். பதப்படுத்தி வரும் தோலுக்குக் கலர் அடித்து, பாலிஷ் போட்டு, ஷூ கம்பெனிகளுக்குக் கொடுப்பது வேலை. இப்போது இருக்கும் இடத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாசக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். கலர் அடிக்கும் வேலைக்குப் பொல்யூஷன் போர்டு அனுமதி உள்ள ஷெட்டுதான் வேண்டும். அப்படிப்பட்ட ஷெட் இந்தப் பக்கம் லேசில் கிடைக்காது. ஆதிகேசவன் என்பவரிடம் ஒன்று இருந்தது. அவருக்கு வீடு குடியாத்தத்தில், ஷெட் மட்டும் ஆம்பூரை ஒட்டி. பேசி முடித்து, அட்வான்ஸுக்கு பாய் ஒரு செக் கொடுத்தார். ஆதிகேசவன் அதைக் குடியாத்தத்தில் தன் பேங்க்கில் போட்டார். செக் திரும்பி வந்துவிட்டது. காரணம்: கணக்கு வைத்திருப்பவர் பணம் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார்.

"பணமில்லாம திரும்பிருந்தா கூட மன்னிச்சிருப்பேன்னு சொன்னாரு மேடம். கையைக் குடுத்துட்டு முதுகுக்குப் பின்னாடி ஸ்டாப் போட்டியேன்னு கேட்டாரு. இப்பவே ஆன்லைன்ல அனுப்புறேண்ணேன்னு சொன்னேன். உன் காசே வேணாம்னுட்டாரு. ராணிப்பேட்டைலேர்ந்து வேற பார்ட்டி இன்னைக்கு ஷெட்டைப் பார்க்க வந்திருக்காங்க. சாயந்திரம் அவங்களுக்கு எழுதிக் குடுத்துடுவாரு." பாய் நாற்காலி நுனிக்கு வந்தார். "ஷெட்டு போனா என்கிட்ட வேலை பாக்குற பொம்பளைங்களை எங்க அனுப்புறது?"

நான் கணினியில் அவர் நடப்புக் கணக்கைத் திறந்தேன். திரும்பிய செக்கின் எண் 000463. அதற்கு ஸ்டாப் இருந்தது. போட்டது பாய்தான். மே மாதம் செக்புத்தகத்திலிருந்து அந்த ஒரு லீஃப் தொலைந்துபோயிற்று என்று அவரே கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். கடிதத்தை வாங்கிப் பதிந்தவள் நான்.

இதில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது. தொலைந்த லீஃப் ஏதாவது சட்டைப் பையிலிருந்தோ குரான் பெட்டிக்கு அடியிலிருந்தோ கிடைக்கும், ஸ்டாப் போட்டதை மறந்து அதையே ஒருத்தருக்கு எழுதிக் கொடுப்பார்கள். இதே கூத்தை மாசம் ஒன்று பார்க்கிறேன்.

"பாய், தொலைஞ்சதுன்னு நீங்க சொன்ன லீஃபையே கண்டெடுத்து அவருக்குக் கொடுத்திருக்கீங்க. இன்னா பாய் இது? ஸ்டாப்பை எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஆச்சு. இப்ப நான் யாரைப் பிடிச்சு உலுக்குறது?" என்று பொரிந்தேன். பென்ஷன்காரர்கூட முறைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

 பாய் பையிலிருந்து செக்புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். முதல் பக்கத்தில், யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்று எழுதிவைக்கும் கட்டங்களில், 463-க்கு எதிரே 'தொலைந்தது' என்று இருந்தது. 468-க்கு எதிரே 'ஆதிகேசவன், ஷெட்'. புத்தகத்தில் அடுத்து கிழிக்காமல் இருந்த லீஃப் 469. 468 இல்லை.

அவர் 463-ஐக் கொடுத்திருந்தால் 468 புத்தகத்திலேயே இருந்திருக்க வேண்டும். 

"அவருகிட்ட இருக்குற செக்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

பாய் போன் செய்ய பயந்தார். நான் நம்பரை வாங்கி நானே செய்தேன். ஆதிகேசவன் குரல் கரகரவென்று இருந்தது. "பேங்க் மேடமா? அந்த ஆளு உங்களையும் கூட்டு சேர்த்துக்கினாரா?" என்றார். போட்டோ மட்டும் அனுப்பினார்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செக்கின் அடியில், எழுதக் கூடாது என்று வெள்ளையாக விட்டிருக்கும் பட்டையில், கட்டம் கட்டமான கறுப்பு எண்கள். முதல் ஆறு: 000463. எந்தப் பிசிறும் இல்லை. தெளிவான மூன்று.

பாயும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் அப்படியே வெளுத்துப் போயிற்று. "அப்படின்னா நானே தப்பா குடுத்துட்டனா மேடம்? எனக்குப் புத்தி கலங்கிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு எரிச்சலும் வந்தது. இந்தத் தடவை எரிச்சல் அந்த மூன்றின்மேல்.

மறுபடி போன் போட்டேன். "ஐயா, செக்கை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. போட்டோ பத்தாது, பேப்பர் வேணும். கால் மணி நேரம் எனக்காகக் கொடுங்க. நயீம் பாய் ஸ்டாப் போட்டாருன்னு காகிதமே சொன்னா, நீங்க ஷெட்டை யாருக்கு வேணாலும் கொடுங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"நான் ஷெட்டுலதான் இருக்கேன். ராணிப்பேட்டைக்காரங்க டீ குடிக்கப் போயிருக்காங்க. வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

வந்தார். வேட்டி, கறுப்புப் பெல்ட், நெற்றியில் விபூதி, நடையில் கோபம். பாய் எழுந்து நின்று, "வாங்கண்ணே" என்றார். ஆதிகேசவன் அவரைப் பார்க்கவே இல்லை. செக்கோடு அவர் பேங்க் கொடுத்த ரிட்டர்ன் மெமோவையும் செக்கையும் என் மேசையில் போட்டார்.

"நீங்க சொல்லுங்க மேடம். இவர்கிட்ட ரெண்டு கணக்கு இருக்குதாம், வீட்டுக் கணக்கு ஒண்ணு, யூனிட் கணக்கு ஒண்ணு. எதோ ஓடாத கணக்குல செக்கைக் குடுத்து என்னை ஏமாத்தியிருக்காரு. பேங்க்குல எல்லாரும் பார்க்க என் கைல மெமோவைக் குடுக்குறாங்க. எனக்கு இன்னா மரியாதை?"

"உட்காருங்க. உங்களுக்கு நான் இந்த வரியைப் படிச்சுக் காட்டுறேன். அப்புறம் யாரை வேணாலும் திட்டுங்க" என்றேன்.

செக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஸ்கேலை எடுத்து அடிவரியை ஒவ்வொரு தொகுதியாகச் சுட்டினேன்.

"வலது ஓரத்துலேர்ந்து வருவோம். இந்தக் கடைசி ரெண்டு எண் என்ன?"

"இருபத்தொம்பது."

"அது செக்கு எந்த வகைன்னு சொல்ற எண். இருபத்தொம்பதுன்னா நடப்புக் கணக்கு, எந்த ஊர்லயும் மாத்திக்கலாம். பாயோட வீட்டுக் கணக்கு சேமிப்புக் கணக்கு. அதோட செக்குல இங்க முப்பத்தொண்ணுன்னு இருக்கும். அதனால இது யூனிட் கணக்குதான். ஓடுற கணக்கு. உங்க முதல் சந்தேகம் போச்சா?"

 அவர் குனிந்து பார்த்தார்.

"அதுக்கு இடது பக்கம் ஆறு எண். இது கணக்கோட அடையாளம். முழு கணக்கு நம்பர் இல்ல, அதோட சம்பந்தப்பட்ட சின்ன எண். பாயோட புத்தகத்துல இருக்குற அடுத்த லீஃபைப் பாருங்க, அதுவும் இதுவும் ஒண்ணா?" 469-ஐப் பக்கத்தில் வைத்தேன். அவர் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு ஒப்பிட்டார். ஒன்றுதான்.

"அதுக்கும் இந்தப் பக்கம் ஒம்போது எண். முதல் மூணு ஊரு, பெரும்பாலும் அந்த ஊர் பின்கோடு ஆரம்பிக்கிற மாதிரியே இருக்கும். நடு மூணு எந்த பேங்க்கு. கடைசி மூணு எந்தக் கிளை. செக்கு உங்க குடியாத்தத்துலேர்ந்து எங்க போகணும்னு மெஷினுக்குத் தெரியறது இதாலதான். இதுவும் ரெண்டு லீஃப்லயும் ஒண்ணுதான். அதனாலதான் உங்க செக்கு சரியா எங்க பேங்க்குக்கு வந்து, பாய் கணக்குக்கே வந்துச்சு. இதுவரைக்கும் எங்கயும் ஏமாத்து இல்ல."

"அப்ப எங்கதான் கோளாறு?"

"மிச்சம் இருக்குறது முதல் ஆறு. அது செக் நம்பர். ஒவ்வொரு லீஃபுக்கும் தனியா ஒண்ணு. ஸ்டாப்புன்னு போட்டா அந்த ஒரு நம்பருக்குத்தான் போடுவோம். பாய் தொலைஞ்சதுன்னு சொன்னது 463. உங்ககிட்ட கொடுத்தது 468-ன்னு சொல்றாரு."

ஆதிகேசவன் செக்கைத் தூக்கி எனக்கே காட்டினார். "மேடம், எனக்கும் கண்ணு இருக்குது. இது மூணு."

மூன்றுதான். நானும் பார்த்தேன்.  கால் மணி நேரம் கேட்டு வம்பாக வரவழைத்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், என் கையில் ஒன்றும் இல்லை.

செக்கை மேசையில் இருந்த சின்ன ஸ்கேனரில் விட்டேன். இந்த எண்களை அச்சடிக்கும் மையில் காந்தத்துக்குப் பிடிக்கிற பொடி கலந்திருக்கும். ஸ்கேனர் படமும் எடுக்கும், மையின் காந்தத்தையும் தொட்டுப் படிக்கும். திரையில் 00046 என்று வந்தது. ஆறாவது இடத்தில் கேள்விக்குறி. மறுபடி விட்டேன். மறுபடியும் கேள்விக்குறி. மற்ற தொகுதிகள் எல்லாம் சுத்தமாக வந்தன.

அவ்வளவு தெளிவான மூன்றைப் பார்த்து மெஷின் ஏன் முழிக்கிறது? கண்ணுக்கு மூன்று தெரிகிறது, காந்தத்துக்கு வேறு ஏதோ தெரிகிறது. எனக்கு முதுகு நிமிர்ந்தது.

செக்கை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். சாய்த்துப் பார்த்தேன். அந்த மூன்றின் இடது பக்கத்தில் காகிதம் கொஞ்சம் பளபளத்தது. சுண்ணாம்பு பூசின சுவர்போல, வெள்ளைமேல் ஒரு வெள்ளை. நகத்தால் சுரண்டவில்லை, சுரண்டினால் மையும் சேர்ந்து போய்விடும். செக்கைத் திருப்பி, பின்பக்கம் என்னைப் பார்க்க, வெயிலுக்கு நேரே கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தேன்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று கத்தினேன். கிளை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து பார்த்தால் எண்கள் இடம் வலம் மாறித் தெரியும். ஆனால் வெளிச்சம் காகிதத்தைத் துளைத்து வந்தபோது, மேலே பூசியிருந்த வெள்ளையை அது மதிக்கவில்லை. மையை மட்டும் காட்டியது. இரண்டு பக்கமும் மூடிய, முழு எட்டு.

ஆதிகேசவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். செக்கை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். மூன்று. வெளிச்சத்தில் பிடித்தார். எட்டு. மறுபடி திருப்பினார். சின்னப் பிள்ளைபோல நாலைந்து தரம் செய்தார்.

"எட்டுதான்" என்றார் கடைசியில்.

"எட்டுதாண்ணே" என்றார் பாய். 

"உங்க பேங்க்குலயும் மெஷின் இப்படித்தான் முழிச்சிருக்கும்" என்றேன். "மெஷின் முழிச்சா ஒரு ஆளு திரையில படத்தைப் பார்த்து நம்பரை டைப் பண்ணணும். படத்துல மூணுதான் தெரியும். மூணுன்னு அடிச்சிட்டாங்க. 463-க்கு ஏற்கெனவே ஸ்டாப்பு இருக்குது. சிஸ்டம் திருப்பி அனுப்பிடுச்சு. 468-க்கு ஸ்டாப் எதுவும் இல்ல, இந்தாங்க, நீங்களே பாருங்க." திரையைத் திருப்பிக் காட்டினேன்.

பாய் செக்கை முகத்தருகே வைத்து அந்தப் பளபளப்பைப் பார்த்தார். "இது எங்க ஒயிட் பிக்மென்ட் மேடம். ஸ்போர்ட்ஸ் ஷூ தோலுக்கு அடிக்கிறது. ஆனா நான் செக்கு எழுதும்போது கை கழுவிட்டுத்தான் எழுதினேன். ஆஃபீஸ் ரூம்லதான் எழுதினேன்."

"அப்ப யார் கை?" என்றேன். இதைக் கேட்காமல் விட எனக்கு மனசு வரவில்லை.

 ஆதிகேசவன் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோல் பக்கம் வளர்ந்தவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. கலர் அடித்துக் காயவைத்த தோலைக் கண்டால் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார்கள், ஒட்டுதா காய்ந்ததா என்று. வாங்குகிறவரும் அழுத்துவார், விற்கிறவரும் அழுத்துவார், வழிப்போக்கரும் அழுத்துவார். யாரும் யாரையும் கேட்பதில்லை.

"அன்னைக்கு உங்க யூனிட்ல நீங்க ரூமுல எழுதினு இருந்தீங்க பாய்" என்றார் ஆதிகேசவன் மெதுவாக. "நான் வெளிய கொடில தொங்கின தோலைப் பார்த்துனு இருந்தேன். வெள்ளை நல்லா வந்துருக்குதேன்னு ஒரு அழுத்து அழுத்தினேன். கொஞ்சம் ஈரம் இருந்துது. வேட்டில துடைச்சிட்டேன்னு நெனைச்சேன். அப்புறம்தான் நீங்க வந்து செக்கைக் குடுத்தீங்க. அடியில பிடிச்சு வாங்கினேன்."

 எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "ஐயா, உங்க கையாலயே ஸ்டாப் போட்டுட்டு, அவரைப் போட்டு வறுத்தெடுத்தீங்களே!" பாய் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். ஆதிகேசவன் தலையைச் சொறிந்தார். கோபக்காரர்கள் வெட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதானே.

பாயின் தோளில் கையைப் போட்டார். "நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க பாய். ஊரைக் கூட்டி உங்களை அசிங்கப்படுத்திட்டேன்."

"விடுங்கண்ணே. நான் என்னையே சந்தேகப்பட்டுட்டேன். நீங்க பட்டா தப்பா?"

அங்கேயே நின்று ஆதிகேசவன் ராணிப்பேட்டைக்காரர்களுக்குப் போன் செய்தார். "ஷெட்டு ஏற்கெனவே குடுத்தாச்சுங்க. ஆமாங்க. என் தப்புதாங்க, உங்களை வரவழைச்சது. டீக்காசு நான் குடுத்துட்றேன்." வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உடம்பு இலேசாயிற்று. காலையிலிருந்து தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல இருந்தது.

"பாய், 469-ஐக் கிழிச்சு ஐயாவுக்குப் புதுசா எழுதிக் கொடுங்க. இல்ல, இங்கயே கணக்குக்கு மாத்திடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"வேணாம் மேடம்" என்றார் ஆதிகேசவன். செக்கை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். "குடியாத்தம் பேங்க்குல இந்த லீஃபைத்தான் எல்லாரும் பார்த்தாங்க. பாய் ஸ்டாப் போட்டாருன்னு நானும் வாய்க்கு வந்தபடி பேசினேன். இதே லீஃபு பாஸ் ஆகணும். அதுக்கு இன்னா பண்ணணுமோ நீங்க எழுதிக் குடுங்க."

எனக்கு அந்த மனுஷனை அந்த இடத்தில் ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய பேங்க்குக்கு ஒரு கடிதம் எழுதினேன். செக் எண் 000468 என்றும், அந்த எண்ணுக்கு ஸ்டாப் கிடையாது என்றும், கடைசி எண்மேல் வெள்ளைப் பூச்சு பட்டதால் மூன்றாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்றும், மறுபடி கிளியரிங்குக்கு அனுப்பும்போது கையால் எட்டு என்று பதியும்படியும். மேனேஜரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். அங்கே நம்பிக்கை வராவிட்டால் செக்கைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். முத்திரையை அடிப்பட்டையில் மட்டும் குத்தவிடாதீர்கள் என்றும், கட்டைவிரலை இனிமேல் சட்டைப் பையில் வையுங்கள் என்றும் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார்.

மறுநாள் பிற்பகல் என் திரையில் அந்த எண் வந்தது. 000468. இந்தத் தடவை கேள்விக்குறி இல்லை. பணம் பாயின் கணக்கிலிருந்து போய்விட்டது. எஸ்எம்எஸ் போவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று பாயைக் கூப்பிட்டேன்.

எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். இரும்பை இழுக்கிற சத்தம், பெண்கள் பேசுகிற சத்தம், யாரோ "பார்த்து, பார்த்து" என்று கத்துகிற சத்தம்.

"பாஸ் ஆயிடுச்சு பாய்!" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு குரலை உயர்த்தி அங்கே யாரிடமோ, "அண்ணே, செக்கு பாஸாம்!" என்றார்.

"அங்க யாரு பாய்? எங்க இருக்கீங்க?"

"புது ஷெட்டுலதான் மேடம். நேத்து ஆதிகேசவண்ணன் என்னை பேங்க்குலேர்ந்து நேரா இங்கதான் இட்டாந்தாரு. சாவியைக் கையில குடுத்துட்டுத்தான் குடியாத்தத்துக்கு பஸ் ஏறினாரு. செக்கு போனா போகட்டும், வந்தா வரட்டும், நீங்க சாமானை ஏத்துங்கன்னுட்டாரு. இப்ப கூட ஸ்ப்ரே மெஷினை அவருதான் ஒரு பக்கம் பிடிச்சினு இருக்காரு."